வைவாவில் மூன்றாவது கேள்வி: முதலாண்டு மாணவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மாடல் பிராக்டிகல் முடிந்ததும் நீ வருத்தத்தோடு சொன்னாய்: "மேனுவல் கடைசியில் இருக்கிற வைவா கேள்வி எல்லாம் மனப்பாடம் பண்ணினேன் சார். தேர்வாளர் கேட்டது ஒன்றுகூட அதில் இல்லை." பக்கத்து மேசையில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் கேட்டதில் பாதி மேனுவலில் இருக்கிறது. அந்தப் பாதிக்கு நீ சரியாகத்தான் பதில் சொன்னாய். உனக்கு நினைவில் நிற்பது திணறிய பாதி மட்டும். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் நாள் இருப்பதால், எங்கே திணறினாய், அதை எப்படிச் சரிசெய்வது என்று எழுதுகிறேன். உனக்கு வந்த சோதனை தண்ணீரின் கடினத்தன்மை. அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், அவர் கேட்ட வரிசையைப் பார். "என்ன இண்டிகேட்டர்?" என்றார். எரியோகுரோம் பிளாக் டி என்றாய். "எண்ட் பாயிண்ட்?" என்றார். ஒயின் சிவப்பிலிருந்து நீலம் என்றாய். "அந்தச் சிவப்பு எதனுடைய நிறம்?" என்றார். நீ பேசவில்லை. அடுத்து, "பிப்பெட்டை எதால் கழுவினாய்?" தண்ணீரால், பிறகு சாம்பிளால். "கோனிகல் பிளாஸ்க்கை?" அதையும் சாம்பிளால் என்றாய். "சரி, அதனால் உன் விடை கூடுமா, குறையுமா?" அங்கேயும் நின்றுவிட்டாய்.

இரண்டு இடத்திலும் மூன்றாவது கேள்வியில்தான் நின்றாய். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார். முதல் கேள்விக்கு எல்லோருக்கும் பதில் தெரியும். உன்னைப் பேச வைக்கத்தான் அது. இரண்டாவது, நீ உண்மையில் என்ன செய்தாய் என்று பார்க்க. மூன்றாவது, அதை ஏன் செய்தாய், செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது. மேனுவலில் உள்ள கேள்விப் பட்டியல் முதல் படியோடு நின்றுவிடும். நீயும் அந்தப் படி வரைக்கும்தான் படித்திருந்தாய். அதனால்தான் கேள்விகள் எங்கிருந்தோ வந்ததுபோல் தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு கேள்வியும் உன் முந்தைய பதிலிலிருந்துதான் வந்தது.

இனி தயாரிப்பு. மனப்பாடப் பட்டியலை ஓரமாக வை. ரெக்கார்டில் நீ எழுதிய செய்முறைப் பக்கத்தை எடு. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேள்: இதைச் செய்யாவிட்டால் விடை எந்தப் பக்கம் போகும்? "தப்பாகும்" என்று நிறுத்திக்கொள்ளாதே. கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று சொல்லிப் பார்.

நீ திணறிய இடத்திலேயே தொடங்குவோம். பிப்பெட்டை ஏன் சாம்பிளால் கழுவுகிறோம்? உள்ளே ஒட்டியிருக்கும் காய்ச்சி வடித்த நீர் சாம்பிளோடு கலந்தால், 20 மி.லி. எடுத்தோம் என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் வெறும் நீராக இருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் குறைவாகப் போகும், விடை குறையும். அப்படியானால் கோனிகல் பிளாஸ்க்கை ஏன் சாம்பிளால் கழுவக் கூடாது? ஏனென்றால் பிளாஸ்க்கில் நமக்கு வேண்டியது பிப்பெட் அளந்து விட்ட 20 மி.லி. மட்டும். சாம்பிளால் கழுவிக் கவிழ்த்தாலும் அரை மி.லி. அளவுக்கு உள்ளே ஒட்டி நிற்கலாம். அதற்கு மேல் 20 மி.லி. ஊற்றினால் இருப்பது 20.5 மி.லி. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்க பியூரெட்டிலிருந்து விடும் இடிடிஏ, உன் சாம்பிளுக்கு 9.8 மி.லி. ஆனது அல்லவா? 20.5 மி.லி.க்கு 10 மி.லி.க்குச் சற்று மேலே ஆகும். விடை 500 பிபிஎம்முக்குப் பதிலாக 512 பக்கம் போகும். கூடும் என்பதுதான் பதில்.

இங்கே அவர் நான்காவதாக ஒன்று கேட்டிருப்பார், நான் அவராக இருந்தால் கேட்பேன்: "பிளாஸ்க்கில் காய்ச்சி வடித்த நீர் இருந்தால் பரவாயில்லையா?" பரவாயில்லை. அந்த நீரில் கடினத்தன்மை தரும் உப்பு இல்லை. பிளாஸ்க்கில் இருக்கும் கால்சியத்தின் அளவு மாறாது, கரைசல் கொஞ்சம் நீர்த்துப் போகும், அவ்வளவுதான். டைட்ரேஷன் நடக்கும்போது பிளாஸ்க் சுவரில் ஒட்டிய துளிகளை வாஷ் பாட்டிலால் கழுவி உள்ளே இறக்குகிறோமே, அது தவறாகாததும் இதனால்தான். இந்த ஒரு காரணம் பிடிபட்டால் பிப்பெட், பிளாஸ்க், வாஷ் பாட்டில் என்று எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் உன்னால் பதில் சொல்ல முடியும். பட்டியலில் இவை தனித்தனிக் கேள்விகளாக இருக்கும், நீயும் தனித்தனியாக மனப்பாடம் செய்வாய். அதில்தான் நேரம் வீணாகிறது.

பியூரெட்டுக்கு வருவோம். அதை இடிடிஏ கரைசலால் கழுவாமல், ஈரத்தோடே நிரப்பிவிட்டாய் என்று வை. உள்ளே இருந்த நீர் இடிடிஏவை நீர்க்கச் செய்யும். அதே வேலைக்குக் கூடுதல் மி.லி. செலவாகும். அதனால் கடினத்தன்மை கூடும் என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். கொஞ்சம் பொறு. நம் முறையில் முதல் டைட்ரேஷனில், கடினத்தன்மை முன்பே தெரிந்த திட்டக் கடின நீருக்கு எதிராக இடிடிஏவைத் தரப்படுத்துகிறோம். முதல் தடவை நிரப்பியதில்தான் அந்த ஒட்டிய நீர் கலந்திருக்கும். ஆகவே கூடுவது முதல் டைட்ரேஷன் அளவு. கணக்கில் அது கீழே, வகுக்கும் இடத்தில் இருக்கிறது. மீண்டும் நிரப்பிச் சாம்பிளுக்கு வரும்போது கரைசல் ஏறக்குறைய சரியாக இருக்கும். கடைசி விடை குறையும்! ஒருவேளை எல்லா டைட்ரேஷனையும் அதே ஒரு நிரப்பலில் முடித்திருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடி, பிழை அடிபட்டே போய்விடும். இப்படி யோசித்துச் சொல்லும் மாணவனை எந்தத் தேர்வாளரும் அதற்கு மேல் துருவ மாட்டார்.

இப்போது சிவப்பு எதனுடைய நிறம் என்பதற்கு வா. நாம் பஃபர் சேர்ப்பது பி.எச். 10 பக்கத்தில் நிறுத்த. அந்த நிலையில் எரியோகுரோம் பிளாக் டி தனியாக இருந்தால் நீல நிறம். கடின நீரில் இரண்டு மூன்று துளி விட்டவுடன் அது உலோக அயனியோடு, குறிப்பாக மெக்னீசியத்தோடு, சேர்ந்து ஒயின் சிவப்பாகிறது. பியூரெட்டிலிருந்து வரும் இடிடிஏ முதலில் நீரில் சும்மா திரியும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதெல்லாம் தீர்ந்த பிறகு இண்டிகேட்டர் பிடித்து வைத்திருக்கும் மெக்னீசியத்தையும் பறித்துக்கொள்ளும். கைவிடப்பட்ட இண்டிகேட்டர் தன் சொந்த நீலத்தைக் காட்டும். ஆக, எண்ட் பாயிண்ட்டில் புதிதாக நீலப் பொருள் எதுவும் உண்டாகவில்லை. முதலிலேயே இருந்ததுதான் விடுபட்டு வெளியே தெரிகிறது. இதை வரிசையாக உன்னால் சொல்ல முடிந்தால், "இடிடிஏ–மெக்னீசியம் பிணைப்பு வலுவானதா, இண்டிகேட்டர்–மெக்னீசியம் பிணைப்பா?" என்ற கேள்விக்குத் தனியாகப் படிக்கவே வேண்டாம். இடிடிஏ பறித்துக்கொள்கிறது என்றால் அதுதானே வலுவானது.

இதே இடத்தில் பஃபரையும் முடித்துவிடலாம். இடிடிஏ ஓர் உலோக அயனியைப் பிடிக்கும்போதெல்லாம் ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும்:

```
Ca²⁺ + H₂Y²⁻ → CaY²⁻ + 2H⁺
```

டைட்ரேஷன் போகப்போகக் கரைசல் அமிலப் பக்கம் நகரப் பார்க்கும். அம்மோனியம் குளோரைடும் அம்மோனியாவும் சேர்ந்த பஃபர் அதைத் தடுத்து நிறுத்துகிறது. பஃபர் விட மறந்தால் பி.எச். இறங்கி, தெளிவான நிறமாற்றமே கிடைக்காது. அதிகமாகக் காரமாக்கினாலும் தொல்லைதான். பி.எச். 12ஐ எட்டினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், இடிடிஏ அதைச் சரியாகக் கணக்கெடுக்காது. "ஏன் 10? ஏன் 7 இல்லை, ஏன் 13 இல்லை?" என்று எண்ணை இரண்டு பக்கமும் தள்ளிக் கேட்பது தேர்வாளர்களின் வழக்கம். செய்முறையில் எந்த எண் வந்தாலும் அதை நீயே இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்துக்கொள்.

அடுத்து, கண்ணால் பார்த்ததைக் கேட்கும் கேள்விகள். இவற்றுக்கு எந்தப் புத்தகமும் உதவாது. உன்னிடம் அவர் கேட்டார்: "முதல் டைட்ரேஷனிலும் இரண்டாவதிலும் நிறம் ஒரே மாதிரி மாறியதா?" நீ "எஸ் சார்" என்றாய். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் குறித்துக்கொண்டார். நம் திட்டக் கடின நீர் கால்சியம் கார்பனேட்டை அமிலத்தில் கரைத்துச் செய்தது. அதில் மெக்னீசியம் இல்லை. கால்சியம் இந்த இண்டிகேட்டரை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. அதனால் அங்கே சிவப்பு சட்டென்று போகாமல், ஊதாவாகக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு நின்று நீலமாகும். சாம்பிள் போர்த் தண்ணீர் என்றால் அதில் இயற்கையாகவே மெக்னீசியம் இருக்கும், மாற்றம் பளிச்சென்று வரும். சில லேப்களில் இந்தக் குறையைப் போக்கவே பஃபரில் கொஞ்சம் மெக்னீசியம்–இடிடிஏ சேர்த்து வைப்பார்கள். நம் லேபில் சேர்ப்பதில்லை. ஆகவே வித்தியாசம் உன் கண்முன்னே நடந்தது. நீ பியூரெட் அளவையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனிமேல் லேபுக்கு வரும்போது ரஃப் நோட்டில் அளவுகளுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி விட்டு வை. "ஊதா நீண்ட நேரம் நின்றது", "அம்மோனியா நெடி", "கொதிக்க வைத்ததும் பீக்கர் அடியில் வெள்ளைப் படிவு" என்று பார்த்ததைப் பார்த்த நேரத்திலேயே எழுது. ரெக்கார்டில் இது வேண்டாம். வைவாவுக்கு முந்தின இரவு மேனுவலுக்கு முன்னால் இந்தப் பத்தியைப் படி.

அந்த வெள்ளைப் படிவைப் பற்றியும் ஒரு கேள்வித் தொடர் உண்டு, அது அநேகமாகக் கட்டாயம் வரும். கொதிக்க வைத்தால் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. அது தற்காலிகக் கடினத்தன்மை. வடிகட்டிய பின் நீரில் மிஞ்சுவது நிரந்தரக் கடினத்தன்மை. இது வரை உனக்குத் தெரியும். இப்போது நம் கேள்வியைப் போடு. வடிகட்டாவிட்டால்? படிவின் துகள்கள் பிளாஸ்க்குக்குள் போய், இடிடிஏ பட்டு மெல்ல மெல்லக் கரையும். நீலமானது மறுபடி சிவக்கும், அளவு கூடிக்கொண்டே போகும். வடிகட்டிய நீரை மறுபடி 100 மி.லி.க்கு நிரப்பாவிட்டால்? இது இன்னும் நல்ல கேள்வி. 100 மி.லி. எடுத்துக் கொதிக்க வைத்தாய், ஆவியானது போக 60 மி.லி. இருக்கிறது என்று வைத்துக்கொள். நிரந்தர உப்புகள் ஆவியாகவில்லை, குறைந்த நீரில் நெருக்கமாகிவிட்டன. நிரந்தரக் கடினத்தன்மைக்கு உனக்கு வந்த 199 பிபிஎம், 332 என்று காட்டும். மொத்தத்திலிருந்து கழித்தால் தற்காலிகக் கடினத்தன்மை 301க்குப் பதில் 168 என்று வரும். ஒரே ஒரு படியை விட்டதால் இரண்டு விடையும் எதிரெதிர்ப் பக்கம் ஓடுகின்றன.

இனி கணக்குப் பக்கம். உன் அளவுகளை இங்கே எழுதுகிறேன்:

```
V1 (திட்டக் கடின நீர் 20 மி.லி.) = 19.6 மி.லி.
V2 (சாம்பிள் 20 மி.லி.)          = 9.8 மி.லி.
V3 (கொதித்த சாம்பிள் 20 மி.லி.)   = 3.9 மி.லி.

மொத்தம்    = (V2 / V1) × 1000 = 500 பிபிஎம்
நிரந்தரம்   = (V3 / V1) × 1000 = 199 பிபிஎம்
தற்காலிகம் = 500 − 199 = 301 பிபிஎம்
```

"இந்த 1000 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டபோது "ஃபார்முலா சார்" என்றாய். அந்தப் பதிலை இனி எங்கேயும் சொல்லாதே. திட்டக் கடின நீரில் 1 மி.லி.க்கு 1 மி.கி. கால்சியம் கார்பனேட் இருக்கிறது. ஆகவே 20 மி.லி.யில் 20 மி.கி. அதற்கு 19.6 மி.லி. இடிடிஏ சரியாக இருந்தது என்றால், 1 மி.லி. இடிடிஏ 20/19.6 மி.கி.க்குச் சமம். சாம்பிளுக்கு 9.8 மி.லி. ஆனது, அதாவது 10 மி.கி. அது 20 மி.லி. தண்ணீரில் இருந்தது, ஒரு லிட்டரில் ஐம்பது மடங்கு, 500 மி.கி. இரண்டு 20ம் அடிபட்டுப் போவதால்தான் ஃபார்முலாவில் 1000 மட்டும் மிஞ்சுகிறது. "சாம்பிளை 20க்குப் பதில் 50 மி.லி. எடுத்திருந்தால் இதே ஃபார்முலா வருமா?" என்று கேட்டால், வராது என்று உடனே சொல்ல முடியும்.

ரெக்கார்டில் நிரந்தரக் கடினத்தன்மையை 198.98 என்று எழுதியிருக்கிறாய். கால்குலேட்டர் காட்டியதை அப்படியே எழுதிவிட்டாய். உன் பியூரெட்டின் மிகச் சிறிய கோடு 0.1 மி.லி. அந்த ஒரு கோடு நம் கணக்கில் சுமார் 5 பிபிஎம். ஒரு துளியே 0.05 மி.லி. இருக்கும், அது இரண்டரை பிபிஎம். அப்படி இருக்கும்போது நூறில் ஒரு பங்கு பிபிஎம் வரை உனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி வந்தால் பதில் கிடையாது. 199 என்று எழுது, இன்னும் நேர்மையாகச் சொன்னால் 200 பக்கம். ரெக்கார்டைத் திருத்திவிடு.

எண் வந்த பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்பார்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? இந்தியத் தர நிர்ணயமான IS 10500, குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உன் 500 இரண்டுக்கும் நடுவில். "குடிக்கலாம்" அல்லது "கூடாது" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லாமல், இந்த இரண்டு எல்லையையும் சொல்லி உன் எண் எங்கே விழுகிறது என்று சொன்னால் போதும். 301 கொதிக்க வைத்தால் போகும், 199 போகாது என்று சேர்த்துச் சொன்னால் நீ உன் சொந்த விடையைப் புரிந்து பேசுகிறாய் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் எழுதி வைத்தால் போதாது, வாயால் சொல்லிப் பழக வேண்டும். விடுதியில் உன் அறைத் தோழனை உட்கார வை. அவனுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை. நீ என்ன சொன்னாலும் "ஏன்?" என்று மூன்று முறை கேட்கச் சொல். மூன்றாவது "ஏன்"-இல் நீ நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அதை மட்டும் போய்ப் படி. ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

ஆங்கிலம் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் தெரிந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்த பலர் விடை தெரிந்தும் வாக்கியம் அமையாமல் மௌனமாகிவிடுகிறார்கள். காரணத்தை முதலில் தமிழில் முழுதாக யோசி. அப்புறம் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மாற்று, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். நீளமான வாக்கியம் தொடங்கினால் பாதியில் மாட்டிக்கொள்வாய். அதுவும் வரவில்லை என்றால், "மே ஐ எக்ஸ்பிளெய்ன் இன் தமிழ், சார்?" என்று கேள். நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் பெரும்பாலான தேர்வாளர்கள் சரி என்பார்கள். நான் தேர்வாளராகப் போகும் இடத்தில் நிச்சயம் சரி என்பேன். மௌனத்துக்கு மதிப்பெண் போட எங்களுக்கு வழியே இல்லை.

தெரியாத கேள்வி வந்தால் தெரிந்த இடம் வரைக்கும் சொல்லி நிறுத்து. சிவப்பு எதனுடையது என்று கேட்டபோது, "இண்டிகேட்டரின் சொந்த நிறம் நீலம் சார், உலோகம் சேர்ந்தால் சிவப்பாகும் என்று நினைக்கிறேன், எந்த உலோகம் என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று சொல்லியிருந்தால் அவர் அங்கிருந்து கைகொடுத்து அடுத்த படிக்கு அழைத்துப் போயிருப்பார். ஊகித்துத் தவறாகச் சொல்வதைவிடவும் சும்மா நிற்பதைவிடவும் இது எத்தனையோ மேல். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் லேப் காலியாக இருக்கும். ரெக்கார்டையும் ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. பியூரெட் நுனியில் காற்றுக்குமிழி இருந்து, டைட்ரேஷன் நடுவில் அது வெளியேறினால் V2 கூடுமா குறையுமா என்பதிலிருந்து தொடங்குவேன். பதிலை யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் வேதியியல் ஆசிரியர்